பத்துச் சதுர மீட்டர் வளர்ந்த வயல்

அக்கா நிலம் அளப்பவள். எந்த வயலையும் ஒரே நாளில் அளந்து முடித்துவிட மாட்டாள். ஒரு முறை அளப்பாள். பத்து நாள் கழித்து மறுபடி போய், பழைய கணக்கைப் பார்க்காமல் முதலிலிருந்து அளப்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. "உன் மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று அம்மா கேட்பாள். "என் மேல இருக்கு. என் கை மேல இல்ல" என்பாள் அக்கா.

போன மாதம் அவள் போய்விட்டாள். நீண்ட நோய். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்த வயலில் போய்த்தான் நிற்கிறது பேனா.

அந்த வயலுக்கு மூன்று பக்கம் நேர்க்கோடு. நாலாவது பக்கம் ஒரு பள்ளம். யாரோ பல வருடம் மண் வெட்டி எடுத்த பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். வெட்டியவர்கள் வயலின் நடுப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் குடைந்திருந்தார்கள். அதனால் நிலம் நாக்கு நீட்டியது போலப் பள்ளத்துக்குள் துருத்திக்கொண்டிருந்தது. அந்த நாக்கின் மேல் பம்பு அறை. அதில் தங்கியிருந்தவர் வயல்காரரின் சித்தப்பா.

வயல்காரருக்கும் அவர் தங்கைக்கும் பாகம் பிரிக்க வேண்டும். அக்காவின் உதவியாள் ஊரில் இல்லாததால், கல்லூரிக்கு விடுமுறையில் இருந்த நான் டேப் பிடிக்கப் போனேன்.

வயலுக்குள் நூறு மீட்டருக்கு ஒரு நேர்க்கோடு; சங்கிலியை இழுத்துப் போட்டோம். அதுதான் அடிக்கோடு. கோட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே சுத்தமான செவ்வகம். அதில் வில்லங்கம் இல்லை. கோட்டிலிருந்து பள்ளம் வரை உள்ள கோணல் பகுதிதான் வேலை. இருபது மீட்டருக்கு ஒரு இடத்தில், கோட்டுக்குச் செங்குத்தாகப் பள்ளத்தின் விளிம்பு வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதை ஆஃப்செட் என்பாள். எட்டு, பதின்மூன்று, பதினேழு, பதினெட்டு, பதினாலு, ஒன்பது. விளிம்பில் ஆறு இரும்பு முளைகள் அடித்தாள். போகிற போக்கில் நடுவில் நின்ற மரம், பம்பு அறையின் சுவர், இவற்றின் தூரத்தையும் குறித்துக்கொண்டாள்.

"கோணலா இருக்கறத எப்படிம்மா கணக்குப் போடுவீங்க?" என்றார் சித்தப்பா.

"பக்கத்துப் பக்கத்து ரெண்டு அளவை எடுத்தா ஒரு சரிவகம் சித்தப்பா. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி, நடுவுல உள்ள இருபதால பெருக்கணும். அப்படி அஞ்சு துண்டு."

"அப்ப எங்க அண்ணன் மகனோட கோணல் புத்தியையும் துண்டு துண்டா அளந்திடலாம்!"

"அதுக்கு இந்தச் சங்கிலி பத்தாது சித்தப்பா."

வயல்காரரே சிரித்துவிட்டார். ஆயிரத்து நானூற்றுப் பத்துச் சதுர மீட்டர் வந்தது.

இரண்டாம் முறை போனபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மழை நின்று, பயிருக்காக இரவும் பகலும் இறைத்ததில் பள்ளத்துத் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. வெளியே தெரிந்த கரை இன்னும் ஈரமாகவே இருந்தது.

நான் விளிம்பு முளைகளில் டேப்பின் முனையைப் பிடித்தேன். அக்கா சங்கிலியின் மேல் டேப்பை இடமும் வலமும் ஆட்டி, எங்கே மிகக் குறைவாக வருகிறதோ அதை எடுத்தாள்; அதுதான் செங்குத்து. எட்டு. பதின்மூன்று. மூன்றாவது முளையில் நின்றாள்.

"பதினேழு புள்ளி ரெண்டு."

நாலாவதில் பதினெட்டு புள்ளி மூன்று. மற்ற இரண்டும் பழையபடியே. கூட்டினால் ஆயிரத்து நானூற்று இருபது.

"பத்துச் சதுர மீட்டர் கூடிடுச்சா?" வயல்காரருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா சித்தப்பா, நம்ம மண்ணு சும்மா இருக்காது!"

அக்கா சிரிக்கவில்லை. டேப் சாய்ந்து போனால் அளவு கூடும். ஆனால் முப்பது சென்டிமீட்டர் கூட வேண்டுமானால் மூன்று மீட்டருக்கு மேல் விலகியிருக்க வேண்டும். அவ்வளவு விலகினால் குருடனுக்கும் தெரியும். டேப் இழுபட்டிருந்தால் ஆறு அளவும் மாறியிருக்கும். இதையெல்லாம் அவள் முணுமுணுத்துக்கொண்டே மரத்தை அளந்தாள். ஒன்பது மீட்டர், மாற்றமில்லை. பம்பு அறைச் சுவரை அளந்தாள். பதின்மூன்றரை இருந்தது இப்போது பதின்மூன்று புள்ளி எட்டு.

"தம்பி." குரல் தணிந்திருந்தது. "டேப்பை அங்கயே போட்டுட்டு மெதுவா வா. ஓடாத."

நான் நடந்து வந்தேன். அடிக்கோட்டிலிருந்து பத்து மீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு இடத்தில் அறுத்த சோளத் தட்டைகளைப் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். காலடியில் அது மெத்தென்று அமுங்கியது. நான் இந்தப் பக்கம் வந்ததும் அக்கா ஒரு கழியால் தட்டையை விலக்கினாள். கை நுழையும் பிளவு. அதற்கு அப்பால் இன்னொன்று. வில் போல வளைந்து, நாக்கை வேரோடு துண்டித்துப் போனது.

"மண்ணு வளராதுங்க" என்றாள் வயல்காரரிடம். "நடுவுல பிளந்திருக்கு. அந்தத் துண்டு பள்ளத்துக்குப் போயிட்டிருக்கு. இத்தனை நாள் தண்ணிதான் கரைக்கு முட்டுக் கொடுத்துச்சு; இறைச்சதும் ஈர மண்ணு சரியுது. பம்பை நிறுத்துங்க."

"பயிர் வாடிடுமேம்மா..."

"வெடிப்பு எல்லா வருஷமும்தான் வருது" என்றார் சித்தப்பா, பிளவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே. "நான் இங்கதான் தூங்கறேன். எனக்குத் தெரியாதா?"

அக்கா வாதாடவில்லை. பிளவுக்கு இந்தப் பக்கம் ஒரு முளை அடித்தாள். இன்னொன்றை அவரிடம் எறிந்து அந்தப் பக்கம் அடிக்கச் சொன்னாள். "கொஞ்சம் இங்க வாங்க சித்தப்பா. டேப்பை நீங்களே பிடிங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க." அவர் சலித்துக்கொண்டே டேப்பின் முனையை அந்த முளையில் மாட்டிவிட்டுத் தாண்டி வந்து, இந்தப் பக்க முளையோடு டேப்பைக் கட்டை விரலால் அழுத்தி உட்கார்ந்தார். ஒரு மீட்டர் இருபது. பம்பு தடதடத்தது. சற்று நேரத்தில் அவர் விரலுக்கடியிலிருந்த எண் நழுவியது. அவர் டேப்பை இறுக்கிப் பார்த்தார். மறுபடி நழுவியது. ஒரு மீட்டர் இருபத்திரண்டு.

சித்தப்பா அண்ணன் மகனை நிமிர்ந்து பார்த்தார். வயல்காரர் ரோட்டோரக் கம்பத்துக்கு ஓடிப்போய் ஃப்யூஸைப் பிடுங்கினார்.

பம்பு நின்றதும்தான் மற்ற சத்தம் கேட்டது. சரசரவென்று, யாரோ அரிசி கொட்டுவது போல, மண் தண்ணீரில் உதிர்ந்துகொண்டிருந்தது.

சித்தப்பா எழுந்தார். "என் கண்ணாடி உள்ள இருக்கு."

அக்கா அவர் கையைப் பிடித்தாள். "கண்ணு இருந்தா கண்ணாடி வாங்கிக்கலாம் சித்தப்பா."

"ரெண்டு எட்டும்மா. போனதும் வந்துடுவேன்."

"விட மாட்டேன்." அவள் விரல் பதிந்த இடம் வெளுத்திருந்தது.

இருட்டுவதற்கு முன் நாக்கு போனது. இடிச்சத்தம் இல்லை. பம்பு அறை கொஞ்சம் குனிந்தது, பிறகு நின்ற நிலையிலேயே இறங்கியது. தண்ணீர் எழும்பிக் கரையில் அடித்துத் திரும்பியது. சித்தப்பா கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துப் போனோம். பழைய பதினேழு இப்போது பத்தரை. பதினெட்டு இப்போது பதினொன்று. ஆயிரத்து நூற்று நாற்பது. வயல்காரர் அந்த எண்ணை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "சரி, இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. முடிச்சுக்குவோம்."

"இருங்க."

அக்கா மரத்துக்கு டேப் பிடிக்கச் சொன்னாள். மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுச் சித்தப்பா படுத்திருந்தார். பயிரை விட்டுவிட்டு வீட்டில் தூக்கம் வரவில்லையாம். நான் அடிமரத்தில் முனையை வைத்தேன். அவள் டேப்பை ஆட்டினாள், குனிந்து பார்த்தாள், மறுபடி ஆட்டினாள்.

"எவ்வளவும்மா?" கண்ணாடி இல்லாத சித்தப்பா கேட்டார்.

"ஒன்பது மீட்டர் அஞ்சு சென்டி."

"முன்ன?"

"ஒன்பது."

அவர் எழுந்து போர்வையை மடித்தார். கட்டிலைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அடிக்கோட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். அக்கா கையெழுத்துப் போடாமல் சங்கிலியை மடிக்க ஆரம்பித்தாள்.