அப்புறம் இன்னா ஆச்சு?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் மகன் வேலை பார்த்த பிளாஸ்டிக் ஆலை, அவன் இருந்த பிரிவை மூடிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவனுக்குப் போனிலேயே செய்தி வந்தது. இப்போதும் அவன் போன் சத்தம் போட்டால் நான்தான் முதலில் எட்டிப் பார்க்கிறேன்.

அவனுடைய பழைய ஷிப்ட் இன்சார்ஜ் மேடம் இப்போது வேறொரு ஆலையில் இருக்கிறார். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று ரெஸ்யூமே கேட்டார். இவன் அனுப்பினான். உடனே குரல் பதிவு வந்தது.

"இன்னா தம்பி, கல்யாணப் பத்திரிகை கணக்கா எழுதி வச்சிக்கிற? பத்தியெல்லாம் உடை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரு புள்ளி வை. சாதிச்சது முதல்ல, எப்படி செஞ்சேன்றது அப்பால. சாயந்தரத்துக்குள்ள குடு, எச்.ஆர் கிட்ட சேத்துடறேன்."

செவ்வாப்பேட்டை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தோம். ஒரு பக்கம் முழுக்க ஒரே பத்தி. "பொறுப்பு வகித்தேன்", "பொறுப்பு வகிக்கிறேன்" என்று காலம் மாறி மாறி வந்தது. ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தான். எனக்குப் பழக்கதோஷம், கவலைக்காரி, ஒவ்வொன்றுக்கும் "அப்புறம் இன்னா ஆச்சு?" என்றேன்.

"மெஷின் சூட்டை ஷிப்டுக்கு ரெண்டு வாட்டி செக் பண்ணேன்."

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"ரிஜெக்‌ஷன் ஆகி வீணாப்போற சரக்கு ஆறு சதவீதத்துலேர்ந்து மூணா கொறைஞ்சிச்சி."

"அதை ஏன்டா கடைசியில ஒளிச்சி வச்சிக்கிற?"

அது முதல் வரியானது: ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்தது முன்னால், சூட்டைச் சரிபார்த்தது பின்னால். மற்றவையும் அதே அச்சில் வந்தன. எல்லாம் இறந்தகாலம், "நான்" எங்கும் இல்லை, வரிக்கடைசி முற்றுப்புள்ளியையும் எடுத்துவிட்டோம். நான்கு புது ஆபரேட்டர்களைத் தனியாக மெஷின் ஓட்டும் அளவுக்குப் பழக்கியிருக்கிறான். பெற்ற எனக்கே அது அன்றுதான் தெரியும்.

கடைசி வரியில் மாட்டிக்கொண்டோம். மெஷினில் மோல்டு என்கிற வார்ப்பு அச்சை மாற்றும் நேரத்தைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஒரே ஒரு மெஷினில் செய்து பார்த்ததும் பிரிவை மூடிவிட்டார்கள். "பிரிவு முழுக்கன்னு போட்டுடலாமா?" என்றான். நேரில் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். முகம் சுண்டிப்போனது. பிறகு அவனே தட்டினான்: ஒரு மெஷினில் மோல்டு மாற்றும் நேரத்தை அரைமணி குறைத்தது, கருவிகளை முன்கூட்டியே அடுக்கிவைத்து.

சாயந்தரத்துக்குள் அனுப்பிவிட்டோம். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான், அதிக நேரம் கேட்டது அந்த ஒரு மெஷினைப் பற்றித்தானாம். எந்தக் கருவி, எந்த வரிசை என்று குடைந்திருக்கிறார்கள். செய்தது என்பதால் தடங்கலில்லாமல் சொல்லியிருக்கிறான். "உங்க மெஷின்லயும் பண்ணலாம்னு சொன்னேம்மா, சிரிச்சாங்க."

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"இரும்மா," என்றான், தட்டை எடுத்துக்கொண்டே. "திங்கக்கெழம வந்து சேரச் சொன்னாங்க. இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும், இல்ல?"