நான் ஏறாத செவ்வாய்க்கிழமை விமானம்

பஸ்ஸில் சீட் பிடிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் வாய்க்கால் பக்கத்தில் ஆள் கிடையாது. கொழும்புக்குப் போகவும் வரவும் இரண்டு சீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவைப்பேன். போகிற அன்று யாராவது தங்கள் வான் வண்டியில் இடமிருக்கிறது என்றால் பஸ்ஸை விட்டுவிட்டு அதில் தொற்றிக்கொள்வேன். திரும்பி வரும்போது என் சீட் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். போகும்போது ஏன் வரவில்லை என்று எந்த நடத்துநரும் என்னைக் கேட்டதில்லை. கிளிநொச்சியில் வயல் செய்து பிழைக்கும் எனக்கு விமானப் பயணம் பற்றி இருந்த அறிவும் இவ்வளவுதான்.

மாமிக்கு, அதாவது மனைவியின் தாயாருக்கு, முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை சென்னையில் நடந்தது. கூட்டிக்கொண்டு போனது மனைவியின் தங்கை. அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள், லீவு முடிகிறது. மிச்ச நாட்களுக்கு நான் போய் நின்று, மாமியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. டவுனில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் பொடியன் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போகவும் வரவும் எனக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்துத் தந்தான். வருகிற விமானம் மாமி திரும்பும் விமானமேதான். இருக்கையும் அவவுக்குப் பக்கத்து இருக்கை.

அந்தப் பக்கத்து இருக்கைதான் முக்கியம். மாமிக்கு விமானம் என்றால் பயம். யுத்த நாட்களில் சத்தம் கேட்டதும் பங்கர் குழிக்குள் ஓடிப் பழகிய காது அது. இன்றைக்கும் மேலே ஏதாவது இரைந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பா. சென்னைக்குப் போகும்போது வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு இளைய மகளின் கையைப் பிடித்தபடியே இருந்தாவாம். "வரேக்குள்ள என்ர கையைப் பிடிக்க ஆள் வேணும்" என்று சொல்லித்தான் அறுவைச் சிகிச்சைக்கே சம்மதித்தா. அந்த ஆள் நான். தலையை நிமிர்த்திக்கொண்டு ஏற்றுக்கொண்டேன்.

நான் போகும் விமானம் செவ்வாய்க்கிழமை. கேள்விப்பட்டதும் மாமி சென்னையிலிருந்து அழைத்தா.

"தம்பி, செவ்வாய்க்கிழமை வெளிக்கிடாதேங்கோ. எனக்கு மனம் ஒப்பேல்லை."

"உந்த நாள் கோளெல்லாம் நான் பாக்கிறேல்லை மாமி" என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். விதைப்புக்குக்கூட நாள் பார்க்க மாட்டேன், மழையைப் பார்ப்பேன்.

அடுத்த நாள் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருக்கும் என் கூட்டாளி வந்தான். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்திக்கடன். சனிக்கிழமை குடும்பத்தோடு காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் போகிறார்கள்.

"நீயும் வாவன் மச்சான். பிளேனில என்னத்தைப் பாக்கப் போறாய்? கப்பலில எண்டா கடலைப் பாக்கலாம்."

கப்பல்! இந்த வயதுக்கு நான் கப்பலில் ஏறியதில்லை. வயலில் நிற்பவனுக்கு வாய்க்கால்தான் கடல். விசா ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு பஸ். வருவதற்கு விமானச் சீட் இருக்கவே இருக்கிறது. பஸ் கணக்கில் எல்லாம் சரியாக வந்தது. மாமிக்கு அழைத்து, குரலைக் கொஞ்சம் கனிய வைத்துக்கொண்டு சொன்னேன்:

"நீங்கள் சொன்னதை யோசிச்சுப் பாத்தனான் மாமி. செவ்வாய் வேண்டாம். சனிக்கிழமையே கப்பலில வாறன்."

அந்தப் பக்கம் மாமி கரைந்துபோனா. மனைவிதான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பிளேன்காரருக்குச் சொல்லத் தேவையில்லையோ?" என்று கேட்டாள். "ஆக்கள் வராட்டி அவங்களுக்கு ஒரு சீட் மிச்சம்தானே. சந்தோசப்படுவாங்கள்" என்றேன். அந்த வாக்கியத்தை அவள் இப்போதும் விருந்தாளிகளுக்கு முன்னால் என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறாள்.

கடலைப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பார்த்தது ஒரு பிளாஸ்டிக் பையின் உட்புறத்தை. கரை மறைவதற்குள் வயிறு கலங்கிவிட்டது. கூட்டாளியின் மனைவி எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், நறுக்கி மூக்கடியில் பிடித்தா. அவர்களுடைய சின்னப்பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாகப்பட்டினத்தில் என்னை இறக்கியது கப்பலல்ல, கூட்டாளிதான்.

சென்னையில் எனக்குக் கிடைத்த வரவேற்பு வேறு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த அறைக்கு யார் வந்தாலும் மாமி சொல்லுவா: "என்ர மருமோன் நாள் பாக்கிற ஆள் இல்லை. நான் சொன்னதுக்காகப் பிளேனையே விட்டுட்டுக் கப்பலில வந்தவர்." நான் அடக்கமாகச் சிரிப்பேன். மனைவியின் தங்கை தன் டிக்கெட்டில் ஊர் திரும்பினாள். நான் மாமியை நடக்கப் பழக்கினேன், கஞ்சி வாங்கிக் கொடுத்தேன், பாராட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

புறப்படும் நாள் விமான நிலையத்தில் மாமியைச் சக்கர நாற்காலியில் வைத்து, கவுன்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் மாமியின் பாஸ்போர்ட்டை வாங்கி உடனே போர்டிங் அட்டையை அடித்துக் கொடுத்தாள். என்னுடையதை வாங்கிக் கணினியில் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"சார், உங்க ரிட்டர்ன் கேன்சல்னு காட்டுதே. இங்க வரும்போது எங்க ஃப்ளைட்ல ஏறலையா?"

"இல்லை. கப்பலில வந்தனான்."

"அதான். முதல் பயணத்துக்கு ஆள் வரலைன்னா, அந்த டிக்கெட்ல மிச்சம் இருக்கிறதை சிஸ்டமே தானா கேன்சல் பண்ணிடும்."

"போகேக்குள்ள தானே வரேல்லை. வாறதுக்கு வந்து நிக்கிறன் தானே?"

"ரெண்டும் ஒரே டிக்கெட் சார். வரிசைப்படிதான் போகணும். ரிட்டர்னை விட்டிருந்தீங்கன்னா பிரச்சினை இல்ல, அதுக்கப்புறம் கேன்சல் பண்ண எதுவும் கிடையாது. முதல் பயணத்தையே விட்டுட்டீங்க. அந்த ஃப்ளைட் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

சரி, புதிதாகவே ஒரு சீட் வாங்குகிறேன் என்றேன். சின்ன விமானம், அன்றைக்கு முழுக்க நிரம்பிவிட்டது என்றாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. மாமி என் முகத்தையும் அவளுடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தா.

"என்னவாம் தம்பி?"

அப்போதுதான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நீங்கள்தானே மாமி செவ்வாய்க்கிழமை வெளிக்கிடாதேங்கோ எண்டனீங்கள். அதாலதான் என்ர டிக்கெட் போச்சுது."

மாமி மடியிலிருந்த கைப்பையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. கொஞ்சம் பொறுத்து அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்டா: "அப்ப நான் போகலாமோ பிள்ளை?"

"நீங்க போகலாம்மா. உங்க டிக்கெட் தனி, வரும்போதும் அதுலதானே வந்தீங்க."

"இண்டைக்கு நான் போகாட்டி என்ரயும் போயிடும், என்ன?"

"ஆமாம்மா."

"அப்ப நான் போறன்."

விமான நிறுவனத்து ஆள் வந்து நாற்காலியின் பிடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். அவன் தள்ளிக்கொண்டு போகும்போது மாமி திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கப்பலில் வந்த குமட்டலுக்குத் தேசிக்காய் இருந்தது, இதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர் இருப்பார், மாமி கண்ணை மூடிக்கொண்டு யாருடைய கையையும் பிடிக்காமல் இருப்பா என்று நினைக்க நினைக்க என்னை நானே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது.

டிக்கெட் போட்ட பொடியனுக்கு அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"அண்ணை, சனிக்கிழமை கப்பல் ஏற முதல் எனக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்திருக்கலாமே. செவ்வாய் பிளேன் வெளிக்கிட முதல் கொம்பனியோட கதைச்சு, போறதைக் கழட்டிப்போட்டு வாறதை மட்டும் புது டிக்கெட்டா மாத்தப் பாத்திருப்பன். கொஞ்சம் காசு கூடக் கேப்பாங்கள், ஆனா சீட் இருந்திருக்கும். புது டிக்கெட் கைக்கு வந்தாப் பிறகுதான் நீங்கள் கப்பல் ஏறியிருக்கோணும். போறது நிச்சயமில்லாத ஆக்களுக்கு நான் ஆரம்பத்திலயே போக ஒண்டு, வர ஒண்டு எண்டு ரெண்டு தனி டிக்கெட்தான் போடுறனான். ஒண்டை விட்டாலும் மற்றதில கை வைக்க மாட்டாங்கள்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமேடா."

"நீங்கள் கப்பலில போவியள் எண்டு நான் கனவா கண்டனான் அண்ணை?"

மறுநாள் விமானத்தில் ஒரு வழி டிக்கெட் போட்டுத் தந்தான். அந்த நேரத்திலிருந்து ஊர் வரும் வரைக்கும் மாமியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே வந்தேன்.

வீட்டில் விறாந்தையில் கதிரை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தா மாமி. சுற்றிவர அயலட்டைச் சனம். நான் படலையைத் திறக்கும்போதே அவவின் குரல் கேட்டது.

"அந்த மனிசனில ஒரு பிழையுமில்லை. நான்தான் செவ்வாய் செவ்வாய் எண்டு நிண்டு அவற்ற டிக்கெட்டைக் கெடுத்தனான். பாவம், ஒரு சொல்லும் சொல்லேல்லை."

ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்! வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னவனுக்கு இப்படி ஒரு வக்கீல். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்:

"மாமி, செவ்வாய்க்காக நான் பிளேனை விடேல்லை. எனக்குக் கப்பல் பாக்கோணும் எண்ட ஆசை. அதுக்கு உங்களைச் சாட்டினனான்."

அடுப்படி வாசலில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமிதான் கேட்டா:

"கப்பல் எப்பிடி இருந்தது தம்பி?"

"பை நிறையச் சத்தி எடுத்தனான்."

மாமி சிரித்த சிரிப்பில் முழங்கால் நொந்து, "ஐயோ" என்று காலைப் பிடித்துக்கொண்டா. பிறகுதான் விமானத்தைப் பற்றிச் சொன்னா. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையாம். விமானம் எழும்பும்போது மாமி கேட்காமலே அவளுடைய கையைப் பிடித்துவிட்டாவாம். இறங்கும் வரைக்கும் அவள் இழுத்துக்கொள்ளவில்லையாம். "ஆனாலும் முன்பின் தெரியாத கை தானே தம்பி" என்றா. நான் பக்கத்தில் இருந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏறவேண்டிய விமானத்தில் செய்திருக்க வேண்டிய வேலை.

முழங்காலை டாக்டரிடம் காட்ட மாமி மறுபடியும் சென்னைக்குப் போகவேண்டும். போன வாரம் அவவை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொடியனின் கடையில் இருத்தினேன். எனக்குப் போக ஒன்று, வர ஒன்று, தனித்தனியாகப் போடச் சொன்னேன். பொடியன் கணினியில் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் சீட் அந்த வாரம் ஒரு நாளில் மட்டும்தான் இருக்கிறது என்றான்.

"என்ன நாள்?" என்று நான் கேட்டேன்.

"செவ்வாய், அண்ணை."

மாமி யோசிக்கவே இல்லை. "போடு மோனை. செவ்வாய் எண்டா என்ன" என்றா.

நாள் பார்க்காத நான், விதைப்புக்குக்கூட நாள் பார்க்காத நான், பொடியனின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"செவ்வாய் வேண்டாம். அடுத்த கிழமையில வேற நாள் ஒண்டு பார்."