கடைப் போன் கேட்ட கேள்வி

புண்ணாக்கும் தவிடும் விற்கிற என் கடைக்கு வாட்ஸ்அப் வைத்தபோது, புதிதாக யார் எழுதினாலும் தானாகப் போகட்டும் என்று நானே ஒரு வரவேற்புச் செய்தி அடித்து வைத்தேன்: ‘வணக்கம். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.’

புதூர்ப் பக்கம் இருக்கிற என் அண்ணனும் நானும் வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. ஒருநாள் காலையில் அவன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் படமெடுத்துக் கடை நம்பருக்கு அனுப்பியிருந்தான். கூடப்பிறந்தவனுக்கு வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கோடு வைக்கவேண்டிய பத்திரிகை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் வரவேற்புச் செய்தி அவனுக்குப் போய்விட்டது.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினான். தவிட்டு மூட்டைகளைத் தாண்டி வந்து, போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான்.

“பத்திரிகை அனுப்புனா, என்ன வேணும்னு கேக்கியாலே? உங்கிட்ட நான் பிச்சையா கேட்டேன்?”

“அது எல்லாருக்கும் தானாப் போறது. நான் ஒன்னைய ஒண்ணும் கேக்கல.”

“அதாம்லே. மிஷினாவது கேட்டுச்சு. ஆறு வருஷத்துல நீ ஒருநா கேட்டியா?”