ஆரஞ்சுப் பலகையும் இரவல் தொப்பியும்

எண்பதுகளில் மலேசியாவில் ரோடு வேலை பார்த்தேன். ஓவர்சியர் என்று ஊரில் சொல்லியிருந்தோம். உண்மையில் காலையில் லாரியிலிருந்து, ரோட்டை மறிக்கும் கூம்பு வடிவக் கோன்களை இறக்கி வரிசையாக வைப்பேன், சாயங்காலம் பொறுக்கி ஏற்றுவேன். ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பலகையை நட்டுவைப்பதும் என் பொறுப்புதான். சதுரத்தை முனையில் நிறுத்தியது போல இருக்கும். பாஸ்போர்ட் காண்டிராக்டர் பெட்டியில் இருந்ததால், நினைத்தால் கிளம்பி வர முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியரின் வெள்ளைத் தொப்பியைக் கெஞ்சி வாங்கி, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். கூலிக்காரன் தொப்பி மஞ்சள். அந்தப் படத்தை வைத்துத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பேசினார்கள். லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பப் போனவன், மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தேன். அந்த மூன்று வருஷமும் அவள் என் அம்மாவோடு ராஜபாளையத்தில் கிடந்தாள். பிறகு எனக்கு மில்லில் வேலை கிடைத்தது. படம் மட்டும் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியபடியே இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கொழுந்தியாளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. அமெரிக்காவில் ரோடு இன்ஜினியராம். மறுநாள் காலையில் வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்வதாக இருந்தது. முந்தின நாள் மத்தியானம் மாமனார் வீட்டில் மாப்பிள்ளையின் படம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.

வெள்ளைத் தொப்பி, பக்கத்தில் ஆரஞ்சுப் பலகை, பின்னால் கோன் வரிசை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மனைவியின் தாய்மாமன் படத்தைத் தட்டிக் காட்டினார். “இந்த போர்டு அமெரிக்காவுலதான் உண்டு மாப்ள. இங்கிலீஷ்காரன் முக்கோணம்லா வைப்பான். நான் புஸ்தகத்துல பாத்திருக்கேன்.”

அவர் சொன்னதில் பாதி சரி. அமெரிக்காவிலும் அதே ஆரஞ்சு, அதே வடிவம்தான். எங்கள் சைட் ஆபீஸில் கிடந்த அமெரிக்கப் புத்தகத்தில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மலேசியாவிலும் அதையேதான் வைப்பார்கள்.

படத்தில் எதிரே ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார், வண்டி தன் இடப்பக்கமாக வந்தது. நம்மூர் பஸ்ஸும் அப்படித்தான் போகிறது என்பதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அமெரிக்காவில் எல்லாமே மாறியல்லவா ஓடும்?

கொழுந்தியாள் வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்தாள். சொன்னால் என் குட்டு உடையும். சொல்லாவிட்டால் இவளும் என்றைக்கோ வரப்போகிறவனுக்காக யார் வீட்டிலோ காத்துக்கிடப்பாள். எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

“இது அமெரிக்கா இல்ல மாமா,” என்றேன் மாமனாரிடம். வேனைக் காட்டி விளக்கினேன்.

தாய்மாமன் விடவில்லை. “ஸ்டூடியோக்காரன் பிலிமைத் திருப்பிப் போட்டிருப்பான்வே.”

“திருப்பிப் போட்டா சட்டைப் பை வலது நெஞ்சுக்குப் போயிருக்கணும். இதுல இடது பக்கமே இருக்கு பாருங்க.”

அவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாமனார் மட்டும் நிதானமாகக் கேட்டார். “எந்த நாடா இருந்தா என்ன? இன்ஜினியர் தொப்பி போட்டிருக்காருல்லா?”

“அது இரவல் தொப்பியா இருக்கலாம் மாமா. தலையில சரியா உக்காரல. கையைப் பாருங்க, கோன் தூக்குறவன் கையுறை.”

“அம்புட்டு உறுதியா எப்பிடிச் சொல்லுதீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி கையில் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமல் சொன்னேன்.

“நானும் அப்பிடித்தான் நின்னேன் மாமா. எனக்கும் தொப்பி இரவல்தான்.”

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமனார் தரகரைப் பார்க்கச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். செட்டியார்பட்டியில் விசாரித்ததும், அவனும் மலேசியாவில் கோன் தூக்குகிறவன்தான் என்ற உண்மை வந்துவிட்டது. வெற்றிலை மாற்றவில்லை. கொழுந்தியாள் எனக்கு ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து தந்து, “நன்றி அத்தான்” என்றாள்.

ராஜபாளையம் வரை பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரிலிருந்து என் படத்தைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, என் தொப்பியை, பலகையை, பின்னால் வந்த லாரியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“எனக்குப் பேசி முடிச்ச அன்னைக்கு இதைப் பாத்துச் சொல்ல எங்க வீட்டுல ஒரு ஆளு இல்லாமப் போச்சு,” என்றாள்.

பிறகு படத்தைப் பழையபடி அதே ஆணியில் மாட்டிவிட்டு, உலை வைக்கப் போனாள்.