மீன்காரம்மாவின் ஃபிரிட்ஜ்

மே மாதம், கத்திரி வெயில். காலடிப்பேட்டையில் எங்கள் மாடி வீட்டுச் சுவரைத் தொட்டால் உள்ளங்கை சுடும். அந்த வாரத்தில்தான் எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கிப்போனது. உள்ளே என் மகளின் இன்சுலின் குப்பிகள், ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கிய ஒரு மாத மருந்து. அதுவரை அவள் உயிர் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

குப்பிகளைக் கீழ்வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றினாள் என் மனைவி. ஆனால் அவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிறார்கள், மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். எங்களுக்கு இருந்தது இரண்டே நாள்.

நான் அலைந்தேன். புதியதென்றால் தவணை, ஏற்கெனவே கட்டுவதற்கு மேல் இன்னொரு தவணையைத் தாங்க என் சம்பளத்தால் முடியாது. திருவொற்றியூரில் ஒரு கடை பழையதை வாங்கி, பழுது நீக்கி, சோதித்து, ஒரு வருட வாரண்டி எழுதிக் கொடுத்து விற்றது. விலை புதியதில் பாதிக்குச் சற்று மேல். அதிலும் பாதிக்கு, இராயபுரத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா தன் வீட்டு ஃபிரிட்ஜைத் தருவதாகச் சொன்னார். பெரியது வாங்கிவிட்டாராம்.

அவர் வீட்டுக்குப் போய் அதன் கதவைத் திறந்தேன். முகத்தில் பனி அடித்தது.

"ஐஸ் மாரி கீது பாரு நைனா. வஞ்சிரம் வச்சா கல்லு கணக்கா ஆயிடும்."

அந்தக் குளிரில் மயங்கினேன். எதற்கு வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குச் சர்க்கரை என்று வாயைத் திறந்து சொல்வதில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகும். "வூட்டுக்குத்தாம்மா, தண்ணி கிண்ணி வைக்க" என்றேன்.

குட்டியானை வண்டியில் நிமிர்த்தி ஏற்றி வந்தோம். வண்டியில் அலுங்கியது அடங்கட்டும் என்று சில மணி நேரம் அப்படியே நிற்க விட்டுச் சாயங்காலம்தான் பிளக்கை மாட்டினேன். மாட்டியதும் உறுமத் தொடங்கியது. அந்த உறுமல் எனக்குத் தைரியமாக இருந்தது. கீழே போய் மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மகள் குறுக்கே நின்றாள். "இப்ப வைக்காதப்பா. மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி வச்சுப் பாரு."

"இன்னாத்துக்கு? அதான் சில்லுனு கீதே."

"ஐஸாயிட்டா மருந்து செத்துடும். பாத்தா அப்படியேதான் இருக்கும், போட்டா கேக்காது. நர்சக்கா சொன்னாங்க."

முனகிக்கொண்டே டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

காலையில் நடுத்தட்டிலிருந்த டம்ளரை எடுத்தேன். சரித்தேன். எதுவும் சிந்தவில்லை. அடிவரை பனிக்கட்டி. அந்த இடத்தில் மருந்து இருந்திருந்தால் என் பிள்ளை எப்படிக் கிடந்திருப்பாள் என்று ஒரு கணம் கண்டேன்: ஊசி போட்டபடி, தெளிந்த மருந்தை நம்பியபடி, சர்க்கரை ஏறி ஏறி, எங்களுக்கு ஒன்றும் தெரியாமல்.

"ராத்திரி பூரா நிக்கவே இல்லப்பா இது. நம்ம பழசு நின்னு நின்னுதானே ஓடும்?" என்றாள் அவள்.

இராயபுரத்துக்கு ஓடினேன். ஐஸ் கட்டிய கதையை மீன்காரம்மா கத்தியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"அது நிக்காது நைனா. மெக்கானிக் அந்த நிறுத்தி நிறுத்தி வுடற தெர்மோஸ்டாட்ட கயட்டிட்டு டைரக்டா லைன் குடுத்துக்கீறாரு. நின்னா மீனு நாறிடும்ல? இந்தத் தெருவுல அல்லாரு வூட்லயும் அப்டிதான். நீ இன்னா வச்சே, ஐஸ் கட்டுச்சுன்னு வந்துக்கினே?"

"மருந்து."

"இன்னா மருந்து?"

பக்கத்தில் இரண்டு பெண்கள் காசிமேட்டு மீன்கூடையோடு நின்றார்கள். அவர்களைப் பார்த்தேன், பிறகு பார்க்காமல் சொன்னேன்: "எம் பொண்ணுக்கு இன்சுலின்."

கத்தி நின்றது. "அடப்பாவி! அத மொதல்லியே சொல்ல மாட்டே? சொல்லியிருந்தா இத உன் தலைல கட்டுவேனா?" இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். "இந்தா, உன் துட்டு. புது தெர்மோஸ்டாட் போட்டா ஓடும். ஆனா கேரண்டி நான் எங்கேருந்து குடுப்பேன்? புள்ள விசயம். போ, எய்தி குடுக்கறவன்கிட்ட வாங்கு."

திருவொற்றியூர்க் கடையில் நுழைந்ததும், விலை பேசுவதற்கு முன்பே, கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொன்னேன்: "இன்சுலின் வைக்கணும். என் மகளுக்கு. உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது." இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைக்காரர் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் தெர்மாமீட்டரைப் போட்டு, ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தார். "ரெண்டுலேருந்து எட்டுக்குள்ள நிக்கணும் சார். இருந்து பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் அது ஓய்ந்தது. நிற்கத் தெரிந்தது நல்லதுதான், ஆனால் எங்கள் பழையதும் இப்படித்தான் ஒருநாள் அடங்கிப்போனது. மறுபடி ஓடத் தொடங்கும்வரை, சட்டைப்பையில் துட்டை இறுக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன்.