ஒரே ரேட்டு கேட்ட அண்ணன்

அவனியாபுரத்தில் மனை விற்கும் அண்ணனுக்கு ஃபேஸ்புக் விளம்பரம் போடுவது நான்தான். மனை வேண்டுமென்று ஒருவர் தன் போன் நம்பரைக் கொடுக்க எவ்வளவு விளம்பரச் செலவாகும் என்று மாதாமாதம் இலக்கு வைப்போம். போன தையில் நூற்றெண்பது ரூபாய், ஆடியில் இருநூற்றைம்பது, மற்ற மாதங்களெல்லாம் நடுவில். அதைப் பார்த்து, "அடுத்த மாசமும் நூத்தெண்பதுல இருந்து இருநூத்தைம்பதுக்குள்ளதான் வரும்ணே" என்றேன்.

"அதென்ன இழுவை? ஒரே நம்பரா சொல்லு மாப்ள!"

எனக்குச் சுள்ளென்று வந்தது. அதற்குள் அவர் போன் அடித்தது. யாரோ சென்ட் விலை கேட்டார்கள். அண்ணன் போனில் சொன்னார்:

"ஒரே ரேட்டு எப்படிண்ணே சொல்றது? ரோட்டோரம் ஒண்ணு, உள்ள ஒண்ணு. மூணுல இருந்து நாலு லட்சத்துக்குள்ள வரும்."

போனை வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சிரிக்காத. நீ சொன்னதையே போடு."