லேபிளில் இருந்த மாதம்

கடைத்தெருவில் அவளுக்கு ‘லேபிள் அக்கா’ என்றுதான் பெயர். பழைய லேப்டாப்புக்கு ராம் சிப்பும், கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியும் விற்கிறவள். “நாலு ஜிபி ராம் இருக்கா?” என்று யாராவது வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டால் போதும், சிடுசிடுவென்று எரிந்து விழுவாள்.

“டிடிஆர் மூணா, நாலா? மூணு போடுற இடத்துல நாலு ஏறாது. லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்க, நிழல் விழாம.”

படம் வந்தால் பெரிதாக்கிப் பார்ப்பாள், பதிலை முகத்தில் அடித்தாற்போல் அனுப்பிவிடுவாள். கூட வரும் கதையைப் படிக்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அன்று காலை ஒரு பஸ் டிரைவரிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்று லேப்டாப்பின் அடிப்பக்கம், மாடல் எண்ணோடு. இன்னொன்று விரல் நீள எஸ்எஸ்டி. கீழே நாலைந்து வரி எழுதியிருந்தார். அவள் மாடலின் கையேட்டைத் திறந்து சரிபார்த்துவிட்டு எழுதினாள்: “இது என்விஎம்இ வகை. உங்க லேப்டாப் சாட்டா வகையைத்தான் எடுக்கும். முனையில ஒரே ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, சொருகவே முடியாது. இந்த மாடல் எதுலயும் இது வந்ததே இல்ல.”

அனுப்பிய பிறகுதான் அந்த வரிகளைப் படித்தாள். ‘இறந்துபோன என் மகளோட லேப்டாப்ல இருந்து மச்சான் கழட்டிக் கொடுத்தது. அவ பாடுனது எல்லாம் இதுலதான் இருக்கு. கேக்கறதுக்காக அதே மாடல் பழசு ஒண்ணு வாங்கியிருக்கேன்.’

ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?

மத்தியானம் அவரே கடைக்கு வந்துவிட்டார். கைக்குட்டையில் சுற்றிய எஸ்எஸ்டியை மேசைமேல் வைத்தார்.

“போட்டோல சரியா தெரியலையோ என்னவோ. நேர்ல ஒருதரம் பாருங்கம்மா.”

“மச்சான் என்ன சொன்னாருங்க, ஐயா?”

“லேப்டாப்பை அவன்தான் வித்தான். எனக்கு அதைப் பாக்கவே முடியல, எடுத்துட்டுப் போன்னுட்டேன். அப்புறம் பாட்டைக் கேட்டப்ப, கழட்டி வச்சிருக்கேன் மாமான்னு இதைக் கொண்டாந்து கொடுத்தான்.”

அவள் லேபிளை விளக்கில் காட்டினாள். மூலையில் தயாரித்த மாதம் பொடி எழுத்தில் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது.

“என்னம்மா போட்டிருக்கு?”

“போன ஆகஸ்ட்ல செஞ்சதுங்க.”

அவர் விரல்விட்டு எண்ணவில்லை. “அவ போனது அதுக்கு முந்தின ஏப்ரல்ல,” என்றார்.

அந்த மச்சானை நினைத்து அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பரிதாபமும் வந்தது. மாமனின் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் எந்தக் கடையிலோ எதையோ வாங்கிக் கொடுத்திருக்கிறான். வாங்கும்போது லேபிளைப் பார்க்கத் தெரியவில்லை.

“இதுல வேற ஏதாவது இருக்கான்னு பாக்கட்டுங்களா, ஐயா?”

“வேண்டாம்மா.” எஸ்எஸ்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். “இது அவ இல்லன்னு ஆயிடுச்சு. ஆனா தினம் டூட்டிக்குப் போறப்ப, போயிட்டு வரேன் கண்ணுன்னு இதுகிட்டதான் சொல்லிட்டுப் போவேன். நாளைக்கு யார்கிட்ட சொல்றது?”